ஈர்க்குச்சி சொன்ன நேரம்

டிசம்பர் 25, மதுரை, எங்கள் வீட்டு மொட்டைமாடி. கைபேசியில் மணி 12.18. கையில் இருந்த ஈர்க்குச்சியோ 10.23 என்றது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பிழை. அதே குச்சி அன்று காலை 9.17-க்கு 9.08 என்று சொல்லியிருந்தது, வெறும் ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம். காலையில் அவ்வளவு ஒழுங்காக இருந்த குச்சி உச்சிப்பொழுதில் எப்படி இப்படிக் கவிழ்ந்தது என்று பார்க்கப் போய்த்தான் அடுத்த ஒரு வருடம் மாடியில் கம்பு நட்டுக்கொண்டு திரிந்தேன்.

குச்சிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது மேலூர்ப் பக்கம் இருக்கும் என் தாய்மாமா. கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு துரும்போ விளக்குமாற்று ஈர்க்கோ எடுத்துக்கொள்ள வேண்டும், நீளம் சரியாக 16 விரற்கடை. அதை ஓர் இடத்தில் மடித்து, ஒரு பாகம் தரையில் கிடக்க, மறு பாகம் செங்குத்தாக நிற்க வைக்க வேண்டும். கிடக்கும் பாகம் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, நிழல் விழும் வழியிலேயே இருக்கட்டும். நிற்கும் பாகத்தின் நிழல், கிடக்கும் பாகத்தின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை முன்னே பின்னே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டதும் நிற்கும் பாகம் எத்தனை விரற்கடை என்று பார்த்தால், பொழுது விடிந்து அத்தனை நாழிகை ஆகிறது. பிற்பகலில் அதே அளவு, பொழுது சாய இன்னும் எத்தனை நாழிகை இருக்கிறது என்பதைச் சொல்லும். நாழிகைக்கு 24 நிமிடம்.

நான் பார்த்த அன்று காலையில் நின்றது ஆறரை விரற்கடைக்குக் கொஞ்சம் மேல். அதாவது 157 நிமிடம். அன்று மதுரையில் சூரியன் உதித்தது 6.31 வாக்கில், கூட்டினால் 9.08. சபாஷ் என்றுதான் நானும் நினைத்தேன். நடுப்பகலில் பார்த்தால் நின்றது ஒன்பதரைக்கு மேல், பத்துக்குக் கீழே. தலைக்கு மேல் வந்த சூரியன் இன்னும் பத்தரை மணிகூட ஆகவில்லை என்றால் யார் நம்புவது?

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. இந்தக் கணக்கு கடைசியில் நிழலின் நீளத்தை மட்டும்தான் பார்க்கிறது. நிழல் துரும்பின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் எட்டு நாழிகை, நிழலே இல்லாவிட்டால் பதினாறு. உச்சியில் நிழல் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் நாட்களில் இது பெரிய தப்பில்லை. டிசம்பரிலோ சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து போகிறது, நடுப்பகலிலும் 1 மீட்டர் கம்புக்கு 66 செ.மீ. நிழல் விழுகிறது. அந்த 66 செ.மீ. நிழல் உச்சிப்பொழுதின் நிழலா, இல்லை மார்ச் மாதத்தில் பத்தேகால் மணி வாக்கில் விழும் நிழலா என்று துரும்புக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் தேதியை நாம் அதற்குச் சொல்லவே இல்லை.

சரி, துரும்பை விட்டுவிட்டு ஒழுங்காக ஒரு கம்பு நடுவோம் என்று இறங்கினேன். ஒரு பழைய இரும்புக் கம்பி, தரைக்கு மேல் சரியாக 100 செ.மீ. நிற்கும்படி ஒரு பெயிண்ட் டப்பாவில் சிமெண்டு குழைத்து ஊற்றி நிறுத்தினேன். இதில் முதலில் கற்றுக்கொண்டது, கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது. நுனி மேற்கிலோ கிழக்கிலோ ஒன்றே முக்கால் செ.மீ. சாய்ந்தால் அது ஒரு டிகிரி. மாசி, பங்குனியில் ஒன்பது மணி நிழலில் அது இரண்டு நிமிடத் தவறு, உச்சிக்குப் பக்கத்தில் நான்கு நிமிடம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரண்டு பக்கத்திலிருந்து பிடித்துப் பார்த்துத்தான் நிமிர்த்தினேன். தரையிலும் ஒரு சிக்கல் உண்டு. மொட்டைமாடி பார்க்கத்தான் சமதளம், மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். எங்கள் மாடியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மேற்கே குழாயை நோக்கி 80-க்கு 1 இறக்கம். அதில் காலை நிழல் இருக்க வேண்டியதைவிடச் சற்று நீண்டு விழும், 103 செ.மீ. நிழலுக்கு ஒன்றேகால் செ.மீ. போல. பெரிய விஷயமில்லை, ஆனால் தெரியாமல் இருந்தால் பிழையைச் சூரியன் தலையில் போடுவோம்.

வருடம் முழுக்க நான் குறித்துவைத்தது ஒரே ஒரு விஷயம்: காலையில் நிழல் எப்போது சரியாக 100 செ.மீ. ஆகிறது, அதாவது எப்போது நிழலும் கம்பும் சமமாகின்றன. மேகம் மறைத்த நாட்களுக்கும், அலுவலகம் ஓடிய நாட்களுக்கும் கணக்குப் போட்டு நிரப்பிக்கொண்டேன், அதை மறைப்பானேன்.

டிசம்பர் 21-ல் அது 10.12-க்கு நடக்கிறது. மார்ச் 20-ல் 9.28. ஜூன் 21-ல் 9.19. செப்டம்பர் 23-ல் 9.13. ஒரே கம்பு, ஒரே நிழல், ஆனால் கடிகாரத்தில் முழுசாக ஒரு மணி நேர இடைவெளி. "நம்ம நிழல் நம்ம உசரத்துக்கு வந்தா ஒன்பது மணி" என்று ஊரில் சொல்வது ஆடியிலும் ஆவணியிலும் ஏறக்குறைய சரி, மார்கழியில் சரியே இல்லை.

இதில் என்னை அதிகம் குழப்பியது டிசம்பர் இல்லை, மார்ச்சும் செப்டம்பரும்தான். அந்த இரண்டு நாளிலும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது, வானத்தில் போகும் பாதை ஒன்றேதான், நிழல் நுனி தரையில் போடும் கோடும் ஒன்றேதான் (அன்று அது கம்புக்கு வடக்கே 17½ செ.மீ. தள்ளி, கிழக்கு மேற்காக நேர்க்கோடு). அப்படியிருக்க மார்ச்சில் 9.28, செப்டம்பரில் 9.13 என்று ஏன் பதினைந்து நிமிடம் மாற வேண்டும்? இங்கே கம்பின் மேல் தப்பே இல்லை. மாறியது நம் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள உறவு.

அந்த உறவைக் கம்பை வைத்தே அளக்கலாம். கம்பைச் சுற்றி 100 செ.மீ. ஆரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். காலையில் சுருங்கி வரும் நிழல் நுனி வட்டத்தை ஓர் இடத்தில் தொடும், பிற்பகலில் நீண்டு போகும்போது இன்னோர் இடத்தில் தொடும். இரண்டு புள்ளியையும் சேர்த்தால் சுத்தமான கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். சங்கு என்று சொல்லும் கம்பை நட்டுத் திசை காணும் பழைய முறை இதுதான், அந்தக் கால நூல்களில் சங்கின் உயரம் 12 அங்குலம் என்று இருக்கும். திசை மட்டுமில்லை, தொட்ட இரண்டு நேரங்களுக்கும் நடுவேளைதான் சூரியன் உச்சியைக் கடந்த நேரம். டிசம்பர் 25-ல் வட்டத்தைத் தொட்டது காலை 10.14, பிற்பகல் 2.21. நடு 12.17½.

அந்த 17½ நிமிடம் எங்கிருந்து வந்தது? நம் கடிகாரம் ஓடுவது கிழக்குத் தீர்க்கரேகை 82½ டிகிரிக்கு. மதுரை இருப்பது 78.12 டிகிரியில், 4.38 டிகிரி மேற்கே தள்ளி. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம், ஆக 17½. அந்த ரேகையில் இருப்பவர்களுக்கு உச்சியைக் கடந்துவிட்ட சூரியன் நம் தலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகிறது. டிசம்பர் 25-ஐ எடுத்ததில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு, அந்த நாளில் இன்னொரு திருத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அந்த இன்னொரு திருத்தம்தான் மார்ச்சையும் செப்டம்பரையும் பிரிக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமில்லை, வேகமும் ஒரே சீரில்லை, அச்சு வேறு சாய்ந்திருக்கிறது. அதனால் ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிவரை சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை, சில நொடிகள் கூடும் குறையும். அந்த நொடிகள் வாரக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கி நிற்கிறது, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திப் போகிறது. மதுரைக் கணக்கில் சொன்னால் ஐப்பசி நடுவில் உச்சி 12.01-க்கு வந்துவிடும், தை கடைசியில் 12.32 வரை இழுக்கும். மார்ச் 20-ல் ஏழு நிமிடம் தாமதம், செப்டம்பர் 23-ல் ஏழு நிமிடம் முந்தல், கூட்டினால் நான் பார்த்த பதினைந்து. எவ்வளவு நல்ல நிழல் கடிகாரமாக இருந்தாலும் இந்தத் திருத்தத்தை அதன் முகத்தில் ஒரே நேர்க்கோடாகப் போட முடியாது, பக்கத்தில் மாதவாரியாக ஒரு சின்ன அட்டவணை எழுதி ஒட்டுவதுதான் சுலபம்.

நீளம் தேதியைப் பொறுத்து மாறுகிறது, சரி, அப்போது நிழலின் திசையைப் பார்த்தால் என்ன? கம்பைச் சுற்றிக் கடிகார முள் மாதிரி நிழல் சுற்றுகிறதே, மணிக்கு மணி ஒரு கோடு போட்டால் போதாதா? நானும் டிசம்பர் லீவில் ஆர்வமாகச் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டேன். ஏப்ரலில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது ஒன்றுக்கும் உதவவில்லை என்பதோடு, ஒரு விசித்திரமும் தெரிந்தது.

மதுரை 9.92 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு நாளில், ஏப்ரல் 16 வாக்கில், சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும். ஆவணி பத்து வாக்கில், ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி, மறுபடி ஒருமுறை. அந்த நாளில் சூரியன் கிழக்கே சற்று வடக்காக உதித்து, ஏணியில் ஏறுவதுபோல நேரே மேலே ஏறுகிறது. விடியலில் நிழல் மேற்கிலிருந்து பத்து டிகிரி தெற்காக விழும், ஒன்பது மணி வாக்கில் நான்கு டிகிரி, உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து மணி நேரத்துக்கு நிழல் திரும்பியது ஒன்பதே டிகிரி. அப்புறம் உச்சியில் நிழல் கம்பின் காலுக்குள் புகுந்து, மறு நிமிடம் கிழக்குப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. காலை முழுக்க முள் ஓரிடத்தில் நின்றுவிட்டு நடுப்பகலில் ஒரே தாவாக அரைவட்டம் போகும் கடிகாரத்தில் எப்படி மணி பார்ப்பது?

ஜூனில் இன்னும் வேடிக்கை. அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் உச்சி நிழல் தெற்கே விழும், 24 செ.மீ. காலையில் நிழலின் திசையைக் குறித்துக்கொண்டே வந்தால் அது முதலில் ஒரு பக்கம் நகர்ந்து, எட்டு மணிக்குச் சற்று முன்னால் நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போகிறது. உதயத்தில் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே இருந்தது, 21-க்கு வந்து, ஒன்பதரை வாக்கில் மறுபடி 24. கீழே சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் கம்பு ஆடிவிட்டதோ என்றுதான் சந்தேகம். ஆடவில்லை. நிலநடுக்கோட்டுக்கும் கடக ரேகைக்கும் நடுவே இருக்கும் எந்த ஊரிலும், சூரியன் அந்த ஊரைத் தாண்டி வடக்கே போகும் மாதங்களில் இது நடக்கும். டெல்லியில் இதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அங்கே சூரியன் உச்சிக்கு வடக்கே போவதே இல்லை.

இப்படிக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் மாமா வந்திருந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார், "மாப்ள, கம்ப ஏன் நேரா நட்டுருக்க? சூரியன் நேராவா சுத்துது?"

பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சூரியன் சுற்றுவதாக நாம் காண்பது பூமியின் அச்சைச் சுற்றி. செங்குத்துக் கம்பு அந்த அச்சோடு சேரவில்லை, அதனால்தான் ஒவ்வொரு தேதிக்கும் நிழல் வேறு வேறு வழியில் போகிறது. கம்பை அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால் சூரியன் அதைச் சுற்றி மணிக்கு 15 டிகிரி சீராகப் போகும், அது தெற்கே இருந்தாலும் வடக்கே இருந்தாலும் குறிப்பிட்ட மணிக்கு நிழல் விழும் கோடு மாறாது. மதுரையில் அச்சின் சாய்வு தரையிலிருந்து 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, துருவ நட்சத்திரம் இருக்கும் உயரம். அதாவது இங்கே சரியான நிழற்கம்பு நிற்கவே நிற்காது, கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும். படங்களில் பார்க்கும் முக்கோணத் தகடு வைத்த வெளிநாட்டுத் தோட்டக் கடிகாரம் இங்கே ஒத்துவராததும் இதனால்தான். லண்டனில் ஒன்பது மணிக் கோடு உச்சிக் கோட்டிலிருந்து 38 டிகிரி தள்ளி இருக்கும், மதுரைத் தரையில் அதே கோடு 10 டிகிரியில் வந்துவிடும், பதினொரு மணிக் கோடு இரண்டரை டிகிரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் பலகையையும் சேர்த்தே சாய்த்தேன். 60 செ.மீ. பிளைவுட் பலகை, வட்டம் போட்டுக் கண்டுபிடித்த வடக்குக் கோட்டில் வைத்து, வடக்கு முனையை 10 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகத் தூக்கி முட்டுக் கொடுத்தது. அதற்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் பலகைக்கு இணையாக, தெற்கு வடக்காக ஒரு கம்பி இழுத்துக் கட்டினேன். இப்போது கோடுகளெல்லாம் கம்பிக்கு இணையான நேர்க்கோடுகள். கம்பிக்கு நேர் கீழே உச்சி. அங்கிருந்து இரண்டு பக்கமும் 2.7 செ.மீ.யில் ஒரு மணி நேரம், 5.8-ல் இரண்டு, 10-ல் மூன்று, 17.3-ல் நான்கு. ஐந்தாவது மணி 37 செ.மீ.க்குப் போய்விடுவதால் பலகைக்கு வெளியே, அதை விட்டுவிட்டேன். உச்சிக் கோட்டுக்கு 12 என்று எழுதாமல் 12.17½ என்று எழுதி மற்றதையும் அப்படியே தள்ளி எழுதினால் ஊர்த் திருத்தம் தீர்ந்தது. மாதத் திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதம். டிசம்பரிலும் ஏப்ரலிலும் ஜூனிலும் அதே கோடுகள் பேசின.

எவ்வளவு துல்லியமாக? இரண்டு நிமிடம், அதற்குக் கீழே போகவில்லை. பலகையை எவ்வளவு இழைத்தாலும் போகாது, ஏனென்றால் நிழலின் ஓரமே கூராக இல்லை. சூரியன் ஒரு புள்ளியில்லை, அரை டிகிரி அகல வட்டு. அதன் ஒரு பாதி மறைந்து மறு பாதி தெரியும் இடமெல்லாம் கருப்பும் இல்லாத வெளிச்சமும் இல்லாத மங்கலாக இருக்கும், சூரியன் அந்த அரை டிகிரியைக் கடக்க ஆகும் நேரம்தான் அந்த இரண்டு நிமிடம். என் 1 மீட்டர் கம்பின் ஒன்பது மணி நிழலில் நுனியின் மங்கல் கிட்டத்தட்ட 2 செ.மீ. கம்பை இரண்டு மீட்டராக்கினால் நிழல் இரண்டு மடங்கு வேகமாக நகரும், மங்கலும் இரண்டு மடங்காகும். ஜெய்ப்பூரில் 27 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கும் சாம்ராட் யந்திரம் என்ற நிழல் கடிகாரத்தில் நிழல் நொடிக்கு ஒரு மி.மீ. போல நகர்கிறது, இரண்டு நொடிக்கு ஒரு கோடும் போட்டிருக்கிறார்கள், ஆனால் அங்கேயும் நிழலின் ஓரம் பத்து செ.மீ.க்கு மேற்பட்ட அகலத்துக்கு மங்கலாகத்தான் விழும். செங்குத்துக் கம்பில் ஒரு தந்திரம் உதவுகிறது. நுனியில் ஒரு சின்னத் துளை போட்ட தகட்டைக் கட்டினால் நிழலுக்கு நடுவே சூரியனின் வட்டப் பிம்பம் விழும். வட்டத்தின் மையத்தைக் கண்ணால் பிடிப்பது மங்கலான ஓரத்தைப் பிடிப்பதைவிடச் சுலபம், அதில் அரை நிமிடம்வரை இறங்க முடிந்தது. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய வாரங்களில் கம்பும் பலகையும் துளையும் எல்லாம் ஒன்றுதான், சும்மா நின்றன.

மாமாவிடம் பலகையைக் காட்டிவிட்டு, துரும்பு நடுப்பகலில் இரண்டு மணி நேரம் தப்பாகச் சொன்ன கதையையும் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"உச்சிக்கு எதுக்குடா துரும்பு? உச்சின்னு பாத்தாலே தெரியுமே. நாங்க காலையில, சாயந்தரந்தான் பாப்போம்."

எதற்குப் பார்ப்பார்கள் என்றால், கண்மாய் மடையில் தண்ணீர் முறைக்காக. இன்னாருக்கு இத்தனை நாழிகை, அடுத்தவருக்கு இத்தனை. வாய்க்காலை அடைத்துத் திறப்பதற்குத் துரும்பு. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பங்குனியில் நிஜமாக எட்டிலிருந்து பத்துவரை ஓடும் இரண்டு மணி நேரத்தைத் துரும்பு நாலே காலுக்குச் சற்றுக் குறைந்த நாழிகை, அதாவது 100 நிமிடம் என்கிறது. இருபது நிமிடம் குறைவு. ஆகவே காலை எட்டு மணியிலிருந்து துரும்பில் ஐந்து நாழிகை கழியும்வரை ஒருவருக்குத் தண்ணீர் விட்டால் அவருக்கு உண்மையில் இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே பாயும். மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காலையில விட்டவனுக்கு அடுத்த முறை சாயந்தரம் வரும்ல," என்றார். பிற்பகலுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன், இரண்டிலிருந்து நான்குவரை அதே 100 நிமிடம்தான் வருகிறது. உச்சியை ஒட்டி முறை விழுந்தவர் கதை என்ன என்று கேட்டேன். அந்நேரத்துக்கு எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள் என்றார்.